∀, ∃ நிரூபணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த இயல் எண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. இது உண்மை. எல்லா எண்களையும் விடப் பெரிய எண் ஒன்று உண்டு என்பதோ பொய். ∀ என்றால் ‘எல்லாவற்றுக்கும்’, ∃ என்றால் ‘ஒன்று உண்டு’. ஆனால் இந்த ஐந்து வரிகளைப் பார்த்தால், உண்மையிலிருந்து பொய் பிறந்துவிட்டதுபோல் இருக்கும்:

```
1. ∀x∃y (y > x)   எடுகூற்று
2. ∃y (y > u)     1, UI
3. c > u          2, EI
4. ∀x (c > x)     3, UG
5. ∃y∀x (y > x)   4, EG
```

தவறு நான்காம் வரியில் இருக்கிறது. UI என்பது, எல்லாவற்றுக்கும் பொருந்துவதை ஏதோ ஒன்றுக்கு இடுவது. EG என்பது, குறிப்பிட்ட ஒன்றைப் பற்றி நிறுவியதிலிருந்து அப்படி ஒன்று உண்டு என்று சொல்வது. EI என்பது, இருப்பதாகத் தெரிந்த ஒன்றுக்குப் புதுப் பெயர் வைப்பது. UG என்பது, ஏதோ ஒரு u பற்றி நிறுவியதை எல்லாவற்றுக்கும் விரிப்பது. மூன்றாம் வரியில் c-க்குப் பெயர் வைத்தபோதே u அங்கே நின்றது. u ஐந்து என்றால் c ஆறாக இருக்கலாம். u நூறு என்றால் அந்த ஆறு போதாது. u மாறினால் c-யும் மாற வேண்டும். இந்தச் சார்பு எழுத்தில் தெரியாததால்தான் ஏமாறுகிறோம். ஆகவே, EI தந்த வரியில் u கட்டற்ற மாறியாக, அதாவது எந்த ∀, ∃ குறியாலும் கட்டப்படாமல், இருந்தால் u-வின் மீது UG கூடாது என்று விதிக்கிறார்கள்.

கெரார்ட் கென்ட்சன் 1930களில் வகுத்த இயல்பு வருவிப்பு முறையில் இதற்குத் தனி விதி தேவையில்லை. அங்கே `c > u` ஒரு தற்காலிகக் கருதுகோள். கைவிடப்படாத கருதுகோளில் கட்டற்று நிற்கும் மாறியைப் பொதுமைப்படுத்தக் கூடாது என்பதே நான்காம் வரியைத் தடுத்துவிடும். `F(u)` என்று வைத்துக்கொண்டு உடனே `∀xF(x)` எழுதுவதையும் அதே விதிதான் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் ஓர் எண் இரட்டை என்பதிலிருந்து எல்லா எண்ணும் இரட்டை என்றாகிவிடும்.

எதிர்த்திசையில் போனால் சிக்கல் இல்லை:

```
1. ∃y∀x R(y,x)   எடுகூற்று
2. ∀x R(c,x)     1, EI
3. R(c,u)        2, UI
4. ∃y R(y,u)     3, EG
5. ∀x∃y R(y,x)   4, UG
```

இங்கே c-க்குப் பெயர் வைத்தபோது u இன்னும் வரவே இல்லை. UG போடும் முன் EI வரிக்குத் திரும்பிப் போய் அதில் u இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரியை மட்டும் பார்த்தால் பிழை தெரியாது. பகுப்பாய்வில் இதே பிழை, தொடர்ச்சியைச் சீரான தொடர்ச்சியாக ஆக்கிவிடும். `f(x) = x²` மெய்யெண் கோடு முழுவதும் தொடர்ச்சியானது. ஆனால் x பெரிதாகப் பெரிதாக, x எவ்வளவு நகரலாம் என்று சொல்லும் δ சிறுத்துக்கொண்டே போக வேண்டும், எல்லா x-க்கும் பொதுவான ஒரே δ கிடையாது.

பெயரைத் திரும்பப் பயன்படுத்துவது இன்னொரு தவறு. இரட்டை எண் ஒன்று உண்டு, ஒற்றை எண் ஒன்று உண்டு என்ற இரண்டு கூற்றுகளுக்கும் c என்றே பெயர் வைத்தால், இரட்டையாகவும் ஒற்றையாகவும் உள்ள எண் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு d வையுங்கள். எடுகூற்றிலோ முடிவிலோ ஏற்கெனவே உள்ள பெயரும் ஆகாது. ∀ கூற்றுக்கு இந்தத் தடை கிடையாது. அதில் பழைய c-யையே இடலாம். அதனால் ஒரே பொருளைப் பற்றி இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் EI-ஐ முதலில் போட்டுவிட்டு, அந்தப் பெயரையே UI-க்குக் கொடுங்கள்.