அணை நீர்மட்டப் பலகை முடங்கியபோது

முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் இணையப் பலகை ஒன்றை, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்காக இலவச ஹோஸ்டிங்கில் மறுவெளியீடு செய்து, குமுளியிலிருந்து நடத்திவருகிறேன். அடைமழையில் நீர்மட்டம் 142 அடியை நெருங்கியதும் வண்டிப்பெரியாறு வரை எல்லோரும் அதைத் திறந்தார்கள். ஒரே மாலையில் பக்கம் முடங்கியது.

பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. 5 எம்பி அளவுள்ள `data.json` நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக இறங்கிக்கொண்டிருந்தது. திறந்து வைத்திருக்கும் ஒருவருக்கே மணிக்கு 300 எம்பி. 300 பேர் பார்த்தால் 90 ஜிபி. மாத வரம்போ 100 ஜிபிதான்!

கோப்பை இரண்டாகப் பிரித்தேன். இன்றைய அளவு மட்டும் உள்ள `today.json` 2 கேபிகூட இல்லை. பழைய ஆண்டுகளின் பதிவு `history.json`. வரைபடத்தைத் தொட்டால் மட்டுமே அது இறங்கும். அணை அளவு மணிக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால் புதுப்பிப்பை 15 நிமிடமாக்கினேன். இப்போது அதே 300 பேருக்கு மணிக்கு 3 எம்பிகூட ஆவதில்லை.

சேமிப்பிடத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. அந்த 5 எம்பி கோப்பின் முழுப் பிரதியை மணிக்கொருமுறை சேமித்தால் நாளொன்றுக்கு 120 எம்பி. 1 ஜிபி இடம் ஒன்பதாம் நாளே நிரம்பிவிடும். பழைய பிரதிகளை அழித்து, நாளுக்கு ஒரு வரியை மட்டும் `history.json` கோப்பில் சேர்க்கிறேன்.