ஐந்து இன்னிங்ஸ், மூன்று சராசரி: புள்ளியியல் ப்ராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருஷா வருஷம் மாணவர்களின் புள்ளியியல் ப்ராஜெக்ட் திருத்துகிறேன். பாதிக்கு மேல் கிரிக்கெட். மீதியில் பெரும்பாலும் சொந்த வகுப்பின் மதிப்பெண் பட்டியல். வாய்பாட்டைத் தப்பாகப் போடுகிறவர்கள் குறைவு. கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, விடையைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டமும் கட்டிவிடுவார்கள். தவறு அதற்கு முன்பே நடந்திருக்கும். பட்டியலில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கூட்டத் தொடங்கியிருப்பார்கள்.

கிரிக்கெட்டில் இதற்குச் சரியான பொறி நாட் அவுட். ஒரு பையனின் ஐந்து இன்னிங்ஸ் ஸ்கோர் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 20, 45*, 10, 60*, 15. நட்சத்திரம் போட்டிருந்தால் ஆட்டமிழக்கவில்லை என்று அர்த்தம். மொத்தம் 150 ரன். கணக்குப் புத்தகச் சராசரி 150ஐ 5ஆல் வகுத்தால் 30. கிரிக்கெட் சராசரி 150ஐ அவுட் ஆன மூன்று தடவையால் வகுத்தால் 50. இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. முதலாவது, ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை ரன். இரண்டாவது, ஒரு விக்கெட்டைப் பறிகொடுப்பதற்குள் எத்தனை ரன்.

கிரிக்கெட்டில் ஏன் அப்படி வகுக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 45* என்பது முடிந்த ஸ்கோர் இல்லை. ஓவர் தீர்ந்ததோ, அணி ஜெயித்ததோ, ஆட்டம் நின்றுவிட்டது. தொடர்ந்து ஆடியிருந்தால் அது 46ஆகவும் ஆகியிருக்கலாம், 146ஆகவும் ஆகியிருக்கலாம். நமக்குத் தெரிவது “குறைந்தது 45” என்பது மட்டுமே. அதை 45இல் முடிந்த இன்னிங்ஸ் மாதிரி நடத்தினால் ஆட்டக்காரருக்கு அநியாயம் என்பதால்தான் அந்த வழக்கம் வந்தது.

பிராட்மேனை எடுத்துக்கொண்டு ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். டெஸ்டில் 80 இன்னிங்ஸ், 6996 ரன், 10 தடவை நாட் அவுட். 70ஆல் வகுத்தால் எல்லோருக்கும் தெரிந்த 99.94. 80ஆல் வகுத்தால் 87.45. 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ் ஆட வரும்போது அவர் சராசரி 101.39. எரிக் ஹோலிஸ் பந்தில் டக் ஆனதும் வகுக்கும் எண் 69இலிருந்து 70 ஆனது; அவ்வளவுதான், நூறுக்குக் கீழே போய்விட்டது. அன்று அவர் ஒரு ரன்கூட எடுக்காமல் நாட் அவுட்டாக இருந்திருந்தால் சராசரி இம்மிகூட அசைந்திருக்காது. இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

இன்னும் கூர்மையான உதாரணம் 1999 உலகக் கோப்பையில் லான்ஸ் குளூஸ்னர். 8 இன்னிங்ஸில் 281 ரன், அதில் 6 நாட் அவுட். சராசரி 140.50. அந்தத் தொடரில் அவர் அடித்த அதிகபட்ச ஸ்கோர் 52*. சராசரி என்பது மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில்தான் விழ வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்போம். இங்கே அது அதிகபட்சத்தையே தாண்டிப் போய் நிற்கிறது. அதனால் கிரிக்கெட் சராசரியைக் கூட்டுச் சராசரி என்று தலைப்பிட்டு எழுதினால் அது தவறு.

ப்ராஜெக்டில் இந்தக் குழப்பம் மார்க்கைத் தின்னும் இடம் திட்ட விலக்கம். இணையத்தில் பார்த்த கிரிக்கெட் சராசரியை அப்படியே எடுத்து விலக்க அட்டவணையில் போட்டுவிடுவார்கள். மேலே உள்ள ஐந்து ஸ்கோரிலும் 50ஐக் கழித்துப் பாருங்கள்: −30, −5, −40, +10, −35. கூட்டினால் −100. 30ஐக் கழித்தால் −10, +15, −20, +30, −15, கூட்டினால் பூஜ்யம். சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களின் கூடுதல் எப்போதும் பூஜ்யமாக வர வேண்டும். வர்க்கப்படுத்துவதற்கு முன் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்தால் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்போது மூன்றாவது சராசரி. அதே ஐந்து ஸ்கோரையும் நட்சத்திரத்தோடு எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ தட்டி, சராசரி கேட்டால் விடை 15 என்று வரும். 45*, 60* இரண்டையும் அது எண்ணாகவே எடுக்காது, எழுத்து என்று நினைத்து விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சத்தமில்லாமல் 20, 10, 15 மூன்றுக்கு மட்டும் சராசரி போட்டுத் தந்துவிடும். ஆட்டக்காரரின் நல்ல இன்னிங்ஸ் இரண்டும் காணாமல் போயிருக்கும். இதற்கு வழி, நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ரன்னை B வரிசையில் வெறும் எண்ணாகவும், பக்கத்தில் C வரிசையில் அவுட் என்றால் 1, நாட் அவுட் என்றால் 0 என்றும் எழுதுவது.

```
=COUNT(B2:B6)
=SUM(B2:B6)/COUNT(B2:B6)
=SUM(B2:B6)/SUM(C2:C6)
```

முதல் வரி 5 என்று காட்ட வேண்டும். 3 என்று காட்டினால் எங்கோ நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த இரண்டு வரிகளும் முறையே 30, 50. பேட்டிங்கே கிடைக்காத ஆட்டத்துக்கு இரண்டு செல்லையும் காலியாக விடுங்கள். 0 போட்டால் டக் அடித்த கணக்காகிவிடும். மதிப்பெண் பட்டியலில் பரீட்சைக்கு வராதவனுக்கு 0 போடுவதும் இதே தவறுதான்.

யார் சீரான ஆட்டக்காரர்?

சிதறலைப் பற்றிய ப்ராஜெக்ட் என்றால் தலைப்பு அநேகமாக இதுதான். இரண்டு ஆட்டக்காரர்கள், பத்துப் பத்து இன்னிங்ஸ், எல்லாவற்றிலும் அவுட்.

முதலாமவர்: 38, 45, 32, 41, 50, 36, 44, 39, 35, 40.
இரண்டாமவர்: 0, 112, 4, 8, 131, 15, 2, 96, 20, 12.

இருவருக்கும் மொத்தம் 400, சராசரி 40. திட்ட விலக்கம் முதலாமவருக்கு 5.02, இரண்டாமவருக்கு 48.76. எனவே முதலாமவர் சீரானவர் என்று எழுதி முடித்துவிடுவார்கள். கணக்கு சரி. ஆனால் முதலாமவர் போல ஒரு பேட்ஸ்மேனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அது பாடப்புத்தகத்துக்காகச் செய்த பொம்மை. நிஜப் பட்டியல் ஏறக்குறைய இரண்டாமவருடையதைப் போலத்தான் இருக்கும். 5 ரன்னில் அவுட் ஆக ஒரு மோசமான பந்து போதும். நூறு அடிக்க அத்தனை பந்திலும் தப்பித்தாக வேண்டும், அதுவும் கண் பழகாத தொடக்கத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் சின்ன ஸ்கோர்கள் குவிந்தும் பெரிய ஸ்கோர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் கிடக்கும். 29 சதம் அடித்த பிராட்மேனிடமே 7 டக் உண்டு.

இப்படி ஒரு பக்கமாக இழுபட்ட பட்டியலில் திட்ட விலக்கம் சராசரிக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்பது சகஜம். அதைப் பார்த்து “இவர் நம்பகமில்லாதவர்” என்று தீர்ப்பு எழுதக் கூடாது. சோதிக்க ஒரு வழி: சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைக் கழியுங்கள். இரண்டாமவருக்கு 40 − 48.76, அதாவது மைனஸ் 8.76 ரன். மைனஸ் ரன் யாரும் அடிக்க முடியாது. இந்த அளவு இந்தப் பட்டியலுக்குப் பொருந்தவில்லை என்று அந்த எண்ணே சொல்கிறது.

அங்கே இடைநிலை அளவுக்குப் போய்விடுங்கள். ஏறுவரிசையில் 0, 2, 4, 8, 12, 15, 20, 96, 112, 131. நடுவில் உள்ள 12, 15 இரண்டுக்கும் பாதி 13.5. கீழ்ப்பாதியின் நடு 4, மேல்பாதியின் நடு 96. சராசரி 40 என்றாலும் பத்தில் ஏழு தடவை 20ஐக்கூடத் தாண்டவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. 40ஐ ஒட்டிய ஸ்கோர் ஒன்றுகூட இல்லை. என்னைக் கேட்டால், ப்ராஜெக்டில் எழுத வேண்டிய கண்டுபிடிப்பே இதுதான்.

இங்கே சின்னதாக ஒரு சங்கடம். முதலாமவரின் திட்ட விலக்கம் கையால் போட்டால் 5.02, ஷீட்டில் `STDEV` போட்டால் 5.29. மாணவர்கள் பயந்துபோய்க் கையால் போட்டதை அழித்துவிடுவார்கள். விலக்க வர்க்கங்களின் கூடுதல் 252. நம் பத்தாம் வகுப்பு முறையில் அதை 10ஆல் வகுக்கிறோம். `STDEV` 9ஆல் வகுக்கிறது. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரிக்கான முறை அது. புத்தக விடையோடு ஒத்துவர வேண்டுமானால் `STDEV.P`.

மதிப்பெண் வரைபடம்

மதிப்பெண்ணில் வேறு மாதிரித் தவறு. பிரிவு இடைவெளியை யோசிக்காமல் பத்துப் பத்தாக வெட்டுவார்கள். ஒரு வகுப்பில் 30க்கும் 40க்கும் இடையில் ஒன்பது பேர்: 30, 31, 35, 35, 35, 35, 36, 37, 39. பத்துப் பத்தாக வெட்டினால் ஒன்பது உயரத்தில் ஒரே செவ்வகம், விசேஷமாக ஒன்றும் தெரியாது. ஐந்து ஐந்தாக வெட்டினால் 30–34இல் இரண்டு பேர், 35–39இல் ஏழு பேர். தேர்ச்சிக் கோடான 35இல் ஒரு படிக்கட்டு எழும்பி நிற்கும்.

இன்னும் சிலர் தேர்ச்சி பெறாதவர்கள் எல்லோரையும் 0–35 என்று ஒரே பிரிவில் அடைத்து, மீதியை ஐந்து ஐந்தாக வெட்டுவார்கள். அந்தப் பிரிவில் ஏழு பேர் என்றால் ஏழு உயரத்துக்கு, 35 அகலத்துக்கு ஒரு செவ்வகம் வரைவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வகுப்பில் பெரும்பாலோர் தோற்றது போலத் தெரியும். நிகழ்வுச் செவ்வகப் படத்தில் ஆட்களைக் காட்டுவது பரப்பு. அகலம் ஏழு மடங்கு ஆனால் உயரம் ஏழில் ஒன்றாகக் குறைய வேண்டும். ஆகவே அங்கே சரியான உயரம் 1.

இரண்டு வகுப்புகளைச் சேர்க்கும்போது சராசரிகளின் சராசரி எடுப்பதும் இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பின் சராசரி 62, 20 பேர் உள்ள வகுப்பின் சராசரி 74 என்றால் மொத்தச் சராசரி 66. 68 இல்லை. ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 60ஆல் வகுத்தால் வந்துவிடும்.

அந்த 35க்குத் திரும்ப வருகிறேன். 32, 33, 34 மூன்றிலும் ஒருவர்கூட இல்லை, 35இல் மட்டும் நான்கு பேர். ஒரு மாணவி இதே மாதிரி ஒரு படத்தை வரைந்து கொண்டுவந்து, “சார், 34 மார்க் எடுத்தவங்க எல்லாம் எங்க போனாங்க?” என்று கேட்டாள். திருத்திய பேப்பர் கட்டு என் மேஜையில்தான் இருந்தது.