வைட் ஷாட்டில் முகம் ஆள் மாறிப்போவது ஏன்? ஸ்டோரிபோர்டுக்குப் படம் உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படம் எடுப்பவர்களில் பலர் இப்போது ஸ்டோரிபோர்டு படங்களை ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருள்களில் உருவாக்கிக்கொள்கிறார்கள். நடிக்கவிருப்பவரின் ஒப்புதலோடு அவருடைய புகைப்படங்களைக் கொண்டு, அந்த முகத்தை மாடலுக்குக் கற்றுத்தரும் லோரா என்னும் சிறு கோப்பைப் பயிற்றுவித்துவிட்டால், க்ளோஸ்-அப்பில் அவர் முகம் அச்சு அசலாக வந்துவிடுகிறது. அதே ஆளை வெட்டவெளியில் தொலைவாக நிறுத்தினால் கண்ணும் மூக்கும் கலங்கிய ஒரு திட்டு கிடைக்கிறது. அல்லது முகம் தெளிவாகவே இருந்தும் வேறு யாரோ நிற்கிறார். இதைச் சரிசெய்யப் பலரும் கையாளும் வழிகளில் பாதி, சிக்கலை இன்னும் மோசமாக்குபவை.

பேச வசதியாக ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்வோம். வேதாரண்யத்து உப்பளம், உச்சி வெயில், வெள்ளைக் குவியல்கள், அவற்றுக்கிடையே வள்ளியம்மை என்னும் அறுபது வயதுக் கதாபாத்திரம். மேலேறிய நெற்றி, இழுத்து முடிந்த நரைமுடி, ஒட்டிய கன்னம், இரு பக்கமும் மூக்குத்தி என்பவை அவருடைய அடையாளங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாடலில் 1216×832 பிக்சல் அளவில் படம் உருவாகிறது. அவர் உருவம் படத்தின் உயரத்தில் கால்பங்கு, அதாவது 208 பிக்சல். மனித உடலில் தலை ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு என்பதால் தலைக்குக் கிடைப்பது 28 பிக்சல் உயரம்.

28 பிக்சல் என்பதே சிறிதுதான். ஆனால் மாடல் அந்தப் பிக்சல்களில்கூட நேரடியாக வேலை செய்வதில்லை. விஏஇ எனப்படும் பகுதி படத்தை நீளத்திலும் உயரத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவில்தான் மாடல் படத்தை உருவாக்குகிறது. கடைசியில்தான் அது விரித்துப் பிக்சலாக்கப்படுகிறது. நம் ஃப்ரேம் அந்த வடிவில் 152×104 கட்டங்கள். வள்ளியம்மையின் முகத்துக்குச் சுமார் ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு எண்கள். முப்பத்தாறு எண்களுக்குள் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய், அதற்கு மேல் இன்னார் என்ற அடையாளமும் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது நடக்காது.

முதல் தவறு இந்தக் கணக்கை மறந்து, சொற்களால் முகத்தை வரவழைக்க முயல்வது. `detailed face`, `sharp eyes` என்று ப்ராம்ப்டில் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஸ்டெப்ஸ் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவார்கள். லோராவின் எடையைக் கூட்டுவார்கள். இடமில்லாத இடத்தில் இவற்றால் எதையும் திணிக்க முடியாது. முகத்தைப் பற்றிய சொற்கள் ஏறஏற, முகம் பெரிதாகத் தெரியும் படங்களின் பக்கம் மாடல் சாய்கிறது. கேமரா மெல்ல முன்னால் நகர்ந்து, உப்பளம் பின்னணியாகச் சுருங்கிவிடும். க்ளோஸ்-அப் படங்களை மட்டுமே கொண்டு பயிற்றுவித்த லோராவும் இதையேதான் செய்யும். ஆகவே முதல் படத்தை உருவாக்கும்போது முகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், காட்சியமைப்பு, நிற்கும் நிலை, வெளிச்சத்தின் திசை, உடையின் நிறம் ஆகியவற்றை மட்டும் சரியாகப் பெறுவதே நல்லது. லோராவை 0.4 போன்ற தாழ்ந்த எடையில் வைக்கலாம், நிறுத்திவைத்தாலும் நட்டமில்லை. முகம் பிறகு வர வேண்டியது.

அந்தப் "பிறகு" எப்போது என்பதில்தான் இரண்டாவது தவறு நிகழ்கிறது. எனக்குத் தெரிந்தவரை மிகுதியானோர் இடறுவது இங்கேதான். AUTOMATIC1111 இடைமுகத்தில் `Inpaint` பகுதிக்குச் சென்று முகத்தின்மீது முகமூடி தீட்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி உருவாக்கலாம். அங்கே `Inpaint area` என்பதை `Whole picture` என்றே விட்டுவிட்டால் மாடல் மீண்டும் அதே ஒன்பது கட்டங்களில்தான் வேலை செய்யும். எத்தனை முறை முயன்றாலும் இன்னொரு கலங்கிய திட்டுதான் வரும். `Only masked` என்று மாற்றினால், முகத்தைச் சுற்றிய சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நாம் குறிப்பிட்ட அளவுக்குப் பெரிதாக்கி, அதில் வரைந்து, மீண்டும் சுருக்கி அதே இடத்தில் ஒட்டும். இதுவரை பலருக்கும் தெரியும். ஒட்டும்போது அது மறுபடி 28 பிக்சலாகிவிடும் என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். 1024 பிக்சலில் அழகாக வந்த முகம் முன்னோட்டத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். கைக்கு வந்த படத்தில் அது இருக்காது. அதற்குப் பின் முழுப் படத்தையும் பெரிதாக்கினால், அந்த 28 பிக்சலைப் பார்த்துப் பெரிதாக்கும் கருவி ஊகித்த முகம்தான் கிடைக்கும்.

எனவே வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் முழுப் படத்தையும் பெரிதாக்கி, அதன் பிறகே முகத்தைத் தொட வேண்டும். நம் ஃப்ரேமை ஈஎஸ்ஆர்கேன் வகை அப்ஸ்கேலரால் நான்கு மடங்காக்கினால் 4864×3328 பிக்சல் ஆகும். தலையின் உயரம் 112 பிக்சல். முகம் இன்னும் குழம்பித்தான் இருக்கும், ஆனால் அதற்கு இப்போது இடம் கிடைத்திருக்கிறது. தலையும் கழுத்தும் சேரும்படி சுமார் 160 பிக்சல் சதுரமாக முகமூடி தீட்டி, `Only masked padding, pixels` என்பதை 64 என்று வைத்தால், வெட்டப்படும் பகுதி 288 பிக்சல் சதுரம். அது 1024 ஆக விரியும்போது தலை ஏறக்குறைய 400 பிக்சல் உயரம் பெறுகிறது. மாடலின் கட்டங்களில் சொன்னால் மூன்றரைக்குப் பதில் ஐம்பது. ஓரத்துக்கு விடும் அந்த 64 பிக்சலைக் கஞ்சத்தனமாகக் குறைக்கக் கூடாது. தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்பதை மாடல் அதிலிருந்துதான் அறிகிறது.

இந்தக் கட்டத்தில் ப்ராம்ப்டும் மாற வேண்டும். முழுக் காட்சிக்கு எழுதிய ப்ராம்ப்டை அப்படியே விட்டுவைத்தால், அந்தச் சிறு சதுரத்துக்குள் உப்பளத்தையும் குவியல்களையும் வரைய மாடல் முனையும். கன்னத்தில் ஒரு குட்டி உப்பளம் தோன்றுவது வேடிக்கையாகத்தான் இருக்கும், உதவாது. முகத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் சொன்னால் போதும்.

```
<lora:valliyammai:0.8>, 60 year old tamil woman,
white hair pulled back, high forehead, hollow cheeks,
looking left, harsh noon sun from the right
```

ஏற்கெனவே இருக்கும் படத்திலிருந்து மாடல் எவ்வளவு விலகி வரையலாம் என்பதைக் குறிக்கும் `Denoising strength` எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. 0.2 அளவில் தோலின் மேற்பரப்புதான் மாறும். ஆள் மாற மாட்டார். 0.6-ஐத் தாண்டினால் முகம் நிச்சயம் வள்ளியம்மையாகிவிடும், ஆனால் தலை கேமராவை நோக்கித் திரும்பிக்கொள்ளும், கழுத்துக்கும் தலைக்கும் தொடர்பு அறுந்துபோகும். 0.4-லிருந்து தொடங்கி, சாயல் வரும்வரை 0.05 வீதம் உயர்த்துவது பாதுகாப்பான வழி. 0.5-ஐ எட்டியும் சாயல் வரவில்லையென்றால் குறை பெரும்பாலும் இந்த எண்ணில் இல்லை. பயிற்சிப் படங்களில் பக்கவாட்டு முகமோ, வெயிலில் எடுத்த படமோ, இடுப்பளவுப் படமோ இல்லாமல் இருந்திருக்கும். அவற்றைச் சேர்த்து லோராவைத் திரும்பப் பயிற்றுவிப்பதே தீர்வு.

சிலர் இத்தனை சிரமம் எதற்கென்று, முகச் சீரமைப்புக்கான ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் ஆகியவற்றை ஓட்டிவிடுகிறார்கள். அவை சிதைந்த முகத்தை நல்ல முகமாக்கப் பிறந்தவை. இன்னாருடைய முகமாக்கத் தெரியாதவை. வள்ளியம்மையை அவை பார்த்ததே இல்லை. ஒட்டிய கன்னம் நிரம்பி, நெற்றிக் கோடுகள் அழிந்து, யார் வீட்டு ஆல்பத்திலும் இருக்கக்கூடிய ஒரு முகம் தெளிவாக வந்து நிற்கும். கலங்கிய முகத்தைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து. கலங்கிய முகத்தைப் பார்க்கும் இயக்குநர் அது முடியாத வேலை என்று உடனே அறிந்துகொள்வார். தெளிவான பிற முகமோ சரிபார்ப்பைத் தாண்டிப் போய்விடும்.

தானாக முகத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் `ADetailer` நீட்சியிலும் ஒரு பொறி உண்டு. பின்னணியில் வேறு தொழிலாளர்கள் இருந்தால் அது அவர்களுடைய முகங்களையும் கண்டுபிடித்து, அதே லோராவால் திருத்தி, உப்பளம் முழுவதும் வள்ளியம்மைகளை நிறுத்திவிடும். எல்லாவற்றிலும் பெரிய முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தோ, கையால் முகமூடி தீட்டியோதான் இதைத் தவிர்க்க முடியும். படத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து மறுபடி வரைந்து பெரிதாக்கும் முறையில், லோராவை அணைக்காமல் விட்டாலும் இதன் உறவுக்காரச் சிக்கல் எழும்: ஒவ்வொரு துண்டிலும் முகத்தைத் தேடும் மாடல், உப்புக் குவியலின் நிழலில்கூட ஒரு முகத்தை முளைக்கவைக்கும்.

இனி, இறுதி அளவு. ஸ்டோரிபோர்டு 1920 பிக்சல் அகலத்தில்தான் காட்டப்படும் என்றால், 4864-இல் 112 பிக்சலாக இருந்த தலை அங்கே 44 பிக்சல்தான். மூக்குத்தி தெரியாது, இமை தெரியாது. அவற்றைத் தெரியவைக்க ஷார்ப்பனிங்கை ஏற்றுவதும் தவறு; சுற்றிலும் வெயிலில் மங்கிய காட்சி இருக்க, முகம் மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டிருக்கும்.

அந்த அளவில் ஆளை அடையாளம் காட்டுவது நுணுக்கம் அல்ல; இருளும் ஒளியும் எங்கெங்கே அமைகின்றன என்பதுதான். 1973-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் உருவப்படத்தை முந்நூறுக்கும் குறைவான சாம்பல் நிறக் கட்டங்களாகச் சுருக்கிக் காட்டினார். கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ தள்ளி நின்று பார்த்தாலோ லிங்கன் தெரிகிறார். கண்குழியின் ஆழம், நெற்றியின் உயரம், தாடியின் விளிம்பு ஆகியவை சரியான இடத்தில் இருப்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது. நம் ஃப்ரேமிலும் நரைமுடி தொடங்கும் கோடு, கன்னக் குழியின் நிழல், மேலேறிய நெற்றியின் வெளிச்சம் ஆகிய மூன்றும் பிழையின்றி அமைந்தால் 44 பிக்சலிலும் அவர் வள்ளியம்மைதான். வெள்ளைக் குவியலுக்கு நேர்முன்னே நரைமுடியை நிறுத்தினால் அந்தக் கோடே கரைந்துவிடும் என்பதால், அவரை இரண்டடி நகர்த்தி ஈரமான கருமண் வரப்புக்கு முன் நிறுத்துவது முகத்தில் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விடப் பயன் தரும். அதை முதல் படத்தை உருவாக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

சரிபார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல், காட்டப்போகும் அளவிலேயே, கதாபாத்திரத்தின் க்ளோஸ்-அப் ஒன்றை அதே 44 பிக்சலுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒருவராகத் தெரியவில்லையென்றால், முதலில் வெளிச்சத்தின் திசையையும் தலையின் சாய்வையும் பாருங்கள். கண்ணையும் மூக்கையும் திருத்தப் போவது அதற்கு அடுத்த வேலை.