பாலியெஸ்டர் சேலை காலில் ஒட்டுகிறதா?

உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, சேலையின் உள்பக்கத்தையும் உள்பாவாடையின் வெளிப்பக்கத்தையும் முழங்காலிலிருந்து கீழ்நோக்கி ஒருமுறை தடவிவிடுங்கள். கால்களில் சுற்றிக்கொண்ட கொசுவம் உடனே பிரிந்து விழும். துணி நனையக் கூடாது. கையின் ஈரம் பட்டால் போதும்.

நடக்கும்போது துணிகள் உரசி மின்னூட்டம் சேர்கிறது. பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், அந்த மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. நைலானில் அது 4 சதவீதம். பாலியெஸ்டரிலோ அரை சதவீதம்கூட இல்லை. மதுரையில் பங்குனி மதியத்தில் காற்றும் காய்ந்துவிட்டால், மின்னூட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. அதிலும் மோசமான ஜோடி, நைலான் உள்பாவாடைமேல் பாலியெஸ்டர் சேலை: உரசலில் ஒன்று நேர்மின்னும் மற்றது எதிர்மின்னும் பெற்று, ஒன்றையொன்று இழுக்கின்றன. சேலைக்குப் பொருத்தமான நிறத்தில் பளபளவென்று கிடைக்கிறதே என்று அதைத்தான் வாங்கிவிடுகிறோம்! பருத்தி உள்பாவாடைக்கு மாறினால் தொல்லை பெரிதும் குறையும்.

கை ஈரம் காய்ந்ததும் ஒட்டல் திரும்பும். நாள் முழுக்க வெளியே இருப்பவர்கள் காலில் லேசாக மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் ஒட்டுவது வேறு, அது வியர்வை. துணியைப் பிரிக்கும்போது சடசடவென்று சத்தம் கேட்டு, கை ரோமம் எழுந்து நின்றால்தான் இந்த வைத்தியம். தண்ணீர்க் கறை பிடிக்கும் அசல் பட்டில் இதைச் செய்ய வேண்டாம்.