4கேயா, 1080பியா? பட்டனை அழுத்தும் முன் போட வேண்டிய ஒரு சின்னக் கணக்கு

போன வருடம் ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்தை 4கே, 60 ஃப்ரேமில் எடுத்தேன். போனில் இருப்பதிலேயே பெரிய எண் அதுதான், பெரியதுதானே நல்லது என்று ஒரு நினைப்பு. மறுநாள் கிளவுட் கணக்கு நிரம்பிவிட்டது. பாதி வீடியோ மேலே ஏறவில்லை. அதே கணக்கில் இருந்த மின்னஞ்சலும் இரண்டு நாள் வராமல் நின்றது. குற்றம் என்னுடையதுதான், கணக்குப் பார்க்காமல் எடுத்தேன்.

இந்த முறை அக்கா மகளின் சலங்கை பூஜை. ஐந்து உருப்படிகள், மொத்தம் 35 நிமிட ஆட்டம். மாமா துபாயில் இருக்கிறார், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "மாப்ளே, நைட்டு தூங்குறதுக்குள்ள நான் பார்த்துடணும்" என்று சொல்லியிருந்தார். என் கூகுள் கணக்கில் மிச்சம் இருந்தது 6 ஜி.பி. அதற்குள் அடங்கும்படி எப்படித் திட்டமிட்டேன் என்பதை அப்படியே சொல்கிறேன். உங்கள் போனில் எண்கள் மாறும், போடும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. அது போட்டோவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்து சாப்பிடுவதுதான் அந்த 15. ஐகிளவுடில் இலவசம் 5 ஜி.பி.தான், அதிலும் போனின் பேக்கப் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

கூகுள் போட்டோஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். பழைய வீடியோக்களை அழித்து இடம் பண்ணுகிறவர்கள் `Trash` பக்கமும் ஒரு நடை போக வேண்டும். பேக்கப் ஆனவற்றை அழித்தால் 60 நாள் அங்கேயே கிடக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் கைக்கு வரும்.

அங்கேயே `Backup quality` என்பதையும் பார்த்துவிடுங்கள். அது `Storage saver` என்று இருந்தால், 1080பிக்கு மேல் எடுத்த வீடியோவை அது 1080பியாகக் குறைத்துத்தான் கிளவுடில் வைக்கும். அப்படி வைத்துக்கொண்டு 4கேயில் எடுத்தால் கிளவுடுக்கு 4கே போய்ச் சேரவே சேராது. எடுத்தது எடுத்தபடி போக வேண்டும் என்றால் `Original quality`. நான் வைத்திருப்பது இரண்டாவது.

படி 2: ஒரு நிமிடம் எடுத்து எடை போடுங்கள்

இந்த ஒரு படியைச் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. ஐபோன்காரர்களுக்கு இது சுலபம். `Settings > Camera > Record Video` போனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எம்.பி. ஆகும் என்று கீழேயே எழுதியிருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் 1080பி 30 ஃப்ரேம் சுமார் 60 எம்.பி., 4கே 60 ஃப்ரேம் சுமார் 400 எம்.பி. என்று வரும். ஒரே நிமிடத்துக்கு ஆறேழு மடங்கு!

ஆண்ட்ராய்டில் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். கேமராவில் வீடியோவுக்கு வந்தால் மேலேயோ அமைப்புகளுக்குள்ளோ `FHD 30`, `UHD 30` மாதிரி இருக்கும். FHD என்றால் 1080பி, UHD என்றால் 4கே, பக்கத்தில் இருக்கும் எண் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு நிமிடம் எடுங்கள். கேலரியில் அந்த வீடியோவைத் திறந்து விவரங்களைப் பார்த்தால் அளவு தெரியும். சுவரைப் பார்த்து எடுக்காதீர்கள். தெருவில் வண்டி போவதையோ, பிள்ளைகள் விளையாடுவதையோ எடுங்கள். சில போன்களில் அசைவு கூடினால் அளவும் கூடும்.

என் போனில் வந்தது இது: 1080பி 30 ஃப்ரேமில் 130 எம்.பி., 1080பி 60 ஃப்ரேமில் 200 எம்.பி., 4கே 30 ஃப்ரேமில் 350 எம்.பி.

ஐபோனைவிட என் போனில் அளவு இரட்டிப்பாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? அது கோடெக் விஷயம். புதிய HEVC முறையில் சுருக்கினால் கிட்டத்தட்ட அதே தரத்துக்கு இடம் பாதியளவுதான் பிடிக்கும். ஐபோனில் `Settings > Camera > Formats` பக்கத்தில் `High Efficiency` என்று இருப்பது அதுதான். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா அமைப்புகளுக்குள் இருக்கிறது. நான் வேண்டுமென்றேதான் அணைத்து வைத்திருக்கிறேன். அக்கா வீட்டு டிவி பழையது, பென் டிரைவில் HEVC வீடியோவைப் போட்டால் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். அம்மா பார்ப்பது அந்த டிவியில்தான். உங்கள் வீட்டில் எல்லோரும் புது போனில்தான் பார்ப்பார்கள் என்றால் யோசிக்காமல் HEVC போடுங்கள்.

படி 3: பெருக்கிப் பாருங்கள்

4கே 30 ஃப்ரேம்: 35 × 350 = 12,250 எம்.பி. அதாவது 12 ஜி.பி.க்கு மேல். என்னிடம் இருப்பது 6. பேச்சே இல்லை.

1080பி 30 ஃப்ரேம்: 35 × 130 = 4,550 எம்.பி. நாலரை ஜி.பி. அடங்கும், கையில் ஒன்றரை ஜி.பி. மிச்சமும் இருக்கும்.

1080பி போதுமா என்றால், மாமா பார்க்கப் போவது போனில். அந்தத் திரையில் 4கேக்கும் 1080பிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 4கேயில் புள்ளிகள் நாலு மடங்கு. பின்னால் வெட்டிப் பெரிதாக்க வேண்டும், பெரிய டிவியில் போட வேண்டும் என்றால் அது உதவும். மேடையிலிருந்து பத்தாவது வரிசையில் உட்கார்ந்து எடுப்பவர்களுக்கு அந்த வெட்டும் வசதி பெரிய விஷயம்தான். எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்திருந்தது.

படி 4: 60 ஃப்ரேம் எங்கே வேண்டும்?

ஃப்ரேம் ரேட் தெளிவைக் கூட்டாது, அசைவை மட்டும்தான் வழுவழுப்பாக்கும். ஒருவர் உட்கார்ந்து பேசுவதற்கோ, வாழ்த்துரைக்கோ 60 ஃப்ரேம் தண்டம். ஆனால் பரதத்தில் ஜதிக்குக் கால் தட்டும் இடம் வேகம். 30 ஃப்ரேமில் கையும் காலும் சில இடங்களில் கோடாக இழுத்துக்கொள்ளும்.

அதனால் ஜதிஸ்வரம் ஒன்றை மட்டும் 60இல் எடுக்க முடிவு செய்தேன். அது 6 நிமிடம்: 6 × 200 = 1,200. மற்ற 29 நிமிடம்: 29 × 130 = 3,770. மொத்தம் 4,970 எம்.பி. கிட்டத்தட்ட 5 ஜி.பி., இன்னும் அடங்குகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்க அதிகபட்சம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் இருட்டும், அல்லது மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சில விளக்குகளுக்குக் கீழே 60 ஃப்ரேமில் எடுக்கும்போது படத்தின் மேல் பட்டை பட்டையாக நிழல் ஓடும். நிகழ்ச்சிக்கு முன் மேடை விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பத்து நொடி எடுத்துப் பார்த்தேன். விளக்கு நன்றாக இருந்தது, பட்டையும் இல்லை. ஓடியிருந்தால் ஜதிஸ்வரத்தையும் 30க்கே மாற்றியிருப்பேன். ஐபோனில் இதற்கென்றே `Show PAL Formats` என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் 25 ஃப்ரேம் தேர்வு வரும், 50 ஹெர்ட்ஸ் விளக்குக்கு அது ஒத்துப்போகும்.

படி 5: ஏற்ற எவ்வளவு நேரம்?

ஸ்பீட் டெஸ்ட் போட்டவுடன் பெரிதாகத் தெரியும் `Download` எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நமக்கு வேண்டியது `Upload`. அதுவும் அங்கே காட்டுவது மெகாபிட், கேலரி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே அப்லோட் எண்ணை எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்.பி. ஏறும் என்று வரும்.

அக்கா வீட்டு வைஃபையில் அப்லோட் 8 Mbps. எட்டால் வகுத்தால் நொடிக்கு 1 எம்.பி. அப்படியானால் 4,970 எம்.பி.க்கு 4,970 நொடி, அதாவது 83 நிமிடம். 4கேயில் எடுத்திருந்தால் 12,250 நொடி, மூன்று மணி நேரத்துக்கு மேல். மாமா தூங்கியே போயிருப்பார்.

மொபைல் டேட்டாவில் ஏற்றலாமா என்றால், ஒரு நாளைக்கு 2 ஜி.பி. பிளானில் 5 ஜி.பி. எங்கே போவது? மண்டபத்தில் ஐந்நூறு பேர் ஒரே டவரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வேகமும் வராது. வீட்டுக்கு வந்து ஏற்றுவதே சரி.

படி 6: துண்டு துண்டாக எடுங்கள்

உருப்படி முடிந்ததும் நிறுத்தி, அடுத்தது தொடங்கும்போது திரும்ப அழுத்துங்கள். முதல் துண்டு ஏறியவுடனே மாமா பார்க்க ஆரம்பிக்கலாம். நடுவில் நெட் அறுந்தாலும் பாதிக்கப்படுவது ஒரு துண்டுதான். 60 ஃப்ரேமுக்கு மாற்றுவதற்கும் அந்த இடைவெளிதான் சமயம். திரும்ப 30க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். நான் மறந்தேன், கீர்த்தனையில் இரண்டு நிமிடம் போன பிறகுதான் கவனித்தேன். நிறுத்தினால் நடுவில் ஒரு வெட்டு விழும், அதனால் அதை அப்படியே 60இல் ஓட விட்டேன். 12 நிமிடக் கீர்த்தனை, நிமிடத்துக்கு 70 எம்.பி. அதிகம், ஆக 840 எம்.பி. போச்சு. மொத்தம் 5,810 எம்.பி., 6 ஜி.பி.யின் விளிம்பு. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்த மிச்சம்தான். கணக்கில் இடத்தை ஒட்ட ஒட்ட நிரப்ப வேண்டாம் என்பது அதற்காகத்தான்.

ஏற்றும்போது போனை சார்ஜில் போட்டு, பேட்டரி சேவரை அணைத்துவிட்டு, ஆப்பைத் திறந்தே வைத்தேன். பின்னணிக்குத் தள்ளினால் சில போன்கள் அப்லோடை நிறுத்திவிடும். கணக்குப்படி 97 நிமிடம், ஆனது இரண்டு மணி நேரம். அதே வைஃபையில் பிள்ளைகளும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏறியவுடன் திறந்து பார்த்தால் மங்கலாகத் தெரியலாம். அந்தப் பக்கம் செயலாக்கம் முடியச் சற்று நேரம் பிடிக்கும், பதறி மறுபடி ஏற்றாதீர்கள். கிளவுடில் காட்டும் அளவும் போனில் இருக்கும் அளவும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும்.

பதினொன்றே காலுக்கு மாமாவிடமிருந்து போன். "ஜதிஸ்வரம் ரெண்டு தடவை பார்த்துட்டேன் மாப்ளே. அந்தக் கீர்த்தனையில ஒருத்தர் தலை மறைக்குதே, யாரு அது?"

அது என் சித்தப்பா. அதற்கு எந்த செட்டிங்கும் இல்லை.