வாசனைத் திரவியத்தை உடலில் எங்கே தெளிப்பது? மணிக்கட்டுகளை ஏன் தேய்க்கக் கூடாது?

மணிக்கட்டில் வாசனைத் திரவியத்தைத் தெளித்தவுடன் இரு கைகளையும் சேர்த்துத் தேய்ப்பது பலருக்கு யோசிக்காமலே வரும் பழக்கம். அப்படித் தேய்த்தால் மணத்தின் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்று சொல்லப்படுவது சரியல்ல. தோலோடு தோல் உரசும் விசையால் ஒரு மூலக்கூறை உடைக்க முடியாது. ஆனாலும் தேய்த்தால் மணம் மாறுகிறது என்பது உண்மை. காரணம் வேறு.

புட்டியில் உள்ள திரவத்தின் பெரும்பகுதி மதுசாரம். அதில் கரைந்திருக்கும் மணப்பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. தேசிக்காய், தோடம்பழம், பெர்கமொட் போன்றவற்றின் மணம் முதல் கால் மணி நேரத்திலேயே பெரும்பாலும் போய்விடும்; மல்லிகை, ரோஜா போன்ற மலர் மணங்கள் அதன் பின் சில மணி நேரம் நிற்கும்; சந்தனம், வனிலா, கஸ்தூரி வகைகள் மாலை வரையும் தோலில் ஒட்டியிருக்கும். திரவியத்தை உருவாக்குபவர் இந்த வரிசையை எண்ணித்தான் கலவையை அமைக்கிறார். தேய்க்கும்போது தோல் சூடாகிறது, ஈரப்படலம் இரு கைகளிலும் பரந்து மெல்லியதாகிறது, வியர்வையும் தோலின் எண்ணெயும் சவர்க்காரத்தின் மிச்ச மணமும் அதில் கலக்கின்றன. முதல் இரண்டும் ஆவியாதலை விரைவுபடுத்துவதால், எளிதில் பறக்கும் தேசிக்காய் மணம் நாம் முகர்வதற்கு முன்பே குறைந்துவிடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரு மணிக்கட்டுகளிலும் ஒவ்வொரு முறை தெளியுங்கள். இடது மணிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு, வலது மணிக்கட்டை மட்டும் இடது கைவிரல்களால் பத்து விநாடி அழுத்தித் தேயுங்கள். மதுசாரத்தின் காரம் அடங்குவதற்கு ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு முகருங்கள்; பத்து நிமிடம் கழித்து மீண்டும் முகருங்கள். தேசிக்காய் வகை மணத்தில் தொடங்கும் திரவியமானால், இடது கையில் புளிப்பான புத்துணர்ச்சி இன்னும் இருக்கும்போது வலது கை ஏற்கெனவே மலர் மணத்துக்கு நகர்ந்திருப்பதை உணரலாம். பல மணி நேரத்துக்குப் பின் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. வனிலாவும் சந்தனமும் மேலோங்கிய திரவியத்தில் தொடக்கத்திலேயே பெரிய வேறுபாடு தெரியாது.

இனி, தெளிக்கும் முறை. வெள்ளவத்தையிலிருந்து காலையில் பஸ் ஏறிக் கோட்டையில் உள்ள அலுவலகத்துக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழும்பின் புழுக்கத்தில் குளித்த உடனேயே தெளித்தால் வியர்வை அதைக் கழுவிச் சென்றுவிடும். ஆகவே முதலில் உடலை நன்றாகத் துடைத்து, மின்விசிறியின் கீழ் வியர்வை அடங்கும்வரை இருங்கள். தோல் வறண்டிருந்தால் மணமில்லாத க்ரீமை மெல்லியதாகப் பூசுங்கள். வறண்ட தோலைவிட ஈரப்பசையுள்ள தோலில் மணம் நீண்ட நேரம் நிற்கும்.

அடுத்து, ஆடை அணிவதற்கு முன், ஒரு சாண் தூரத்திலிருந்து நெஞ்சில் ஒரு முறையும் ஒவ்வொரு முழங்கையின் உள்மடிப்பிலும் ஒரு முறையும் தெளியுங்கள். மிக அருகில் பிடித்தால் திரவம் ஓரிடத்தில் திரண்டு வழியும். தெளித்ததைத் தொடாமல், ஈரம் தானாகவே காயும்வரை பொறுத்திருந்து அதன் பிறகு சட்டையையோ சேலையையோ அணியுங்கள். பட்டின் மேல் நேரடியாகத் தெளித்தால் கறை படியக்கூடும்.

மணிக்கட்டை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அங்கு நாடி தோலுக்கு அருகில் ஓடுவதால் அது வெதுவெதுப்பாக இருந்து மணத்தை மேலெழுப்பும் என்பார்கள். ஆனால் கைகழுவும் ஒவ்வொரு தடவையும் அந்த மணம் குறைகிறது. மேசையிலும் கைக்கடிகாரப் பட்டையிலும் உரசி மீதியும் போகிறது. புதிய திரவியத்தைக் கடையில் முகர்ந்து பார்க்க மணிக்கட்டு வசதியான இடம். நாள் முழுதும் மணம் நிற்பதற்கு முழங்கை மடிப்பும் நெஞ்சுமே மேல். கழுத்தில் தெளிக்க விரும்புபவர்கள் வெயில் படாத பின்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனெனில் பெர்கமொட் போன்ற பழங்களின் தோலைப் பிழிந்தெடுக்கும் சில எண்ணெய்கள் வெயிலோடு சேரும்போது தோலில் கருந்திட்டுகளை உண்டாக்கக்கூடும். காயத்திலும் புதிதாகச் சவரம் செய்த தோலிலும் மதுசாரம் எரியும்.

அலுவலகம் சேர்ந்ததும் மணம் போய்விட்டதாகத் தோன்றினால் உடனே மறுபடி தெளிக்க வேண்டாம். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு விரைவில் அதற்குப் பழகி அதை உணராமற்போகும்; பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கோ அது நன்றாகவே தெரியும். அவரிடம் கேளுங்கள். உண்மையாகவே மணம் குறைந்திருந்தால், வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு முறை தெளித்து, தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.