அத்தையிடம் தீயல் பக்குவம் கேட்கும்போது

"அத்தை, உள்ளித் தீயல் ரெசிபி அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், நாகர்கோவில் அத்தையிடமிருந்து வரும் பதிலும் ஒரு வரிதான்: "தேங்காய வறுத்து அரச்சு, உள்ளிய வதக்கி, புளி ஊத்திக் கொதிக்க விடு மக்ளே." அவர் எதையும் ஒளிக்கவில்லை. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்தக் கேள்வியில் அவருக்குப் பிடிபடவில்லை.

குமரி மாவட்டத்தில் தீயல் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் தேங்காயோடு நல்லமிளகும் வறுபடும்; இன்னொரு வீட்டில் வெந்தயம் சேரும். அதனால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், என்றைக்குச் சாப்பிட்ட தீயல், அதில் எது பிடித்தது என்று எழுதுங்கள்.

அடுத்த தவறு, கிராம் கணக்குக் கேட்பது. கையளவில் போடுகிறவரிடம் "மல்லிப்பொடி எத்தனை கிராம்?" என்றால், ஏதோ ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். தீயலுக்கு உயிர் அளவில் இல்லை, வறுப்பில் இருக்கிறது. தேங்காயைச் சீக்கிரம் இறக்கினால் அது வெறும் தேங்காய்க் குழம்பு, கருகவிட்டால் கசப்பு. ஆகவே நிறம், மணம், எது முன்னால் எது பின்னால் என்று கேளுங்கள். ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது:

"அத்தை, ஓணத்துக்கு வந்தப்போ நீங்க வச்ச உள்ளித் தீயல் மறுநாள் பழங்கஞ்சிக்கு இன்னும் ருசியா இருந்துச்சு. நேத்து நானும் வச்சேன். நிறம் வந்துச்சு, ஆனா லேசா கசக்குது. மல்லிப்பொடியும் வத்தல்பொடியும் தேங்காயோட முதல்லயே போட்டேன். நீங்க எப்போ போடுவீங்க? நேரம் கிடைக்கும்போ பேசி அனுப்பினா போதும்."

இதற்கு வரும் பதிலே வேறு. "பொடிய முதல்லயே போட்டா கரியாம என்ன செய்யும் மக்ளே? தேங்கா நல்லாச் செவந்ததும் அடுப்ப அணச்சிட்டு, அந்தச் சூட்டுல பொடியப் போட்டுக் கிண்டு. உடனே வேற பாத்திரத்துல தட்டிரு, சட்டிச் சூட்டுலயே கரிஞ்சிரும். தண்ணி விடாம அரச்சா எண்ணெ கக்கும்." யாரும் எழுதி வைக்காத விஷயங்கள் இவைதான். பேசி அனுப்பச் சொன்னதற்கும் காரணம் உண்டு. டைப் செய்யும்போது அத்தைமார் சுருக்கிவிடுவார்கள், வாயைத் திறந்தால் சுருக்க வராது.

ஒரே செய்தியில் தீயல், எரிசேரி, முந்திரிக்கொத்து என்று பட்டியல் போடாதீர்கள். "யூடியூப்ல வேற மாதிரி சொல்றாங்களே" என்பது அதைவிட மோசம். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவரைக் கேட்காமல் அவர் குரல் பதிவைக் குடும்பக் குரூப்பில் போடுவதும் வேண்டாம். அங்கே மாமியார் வழியில் வேறு பக்குவம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், வம்பு அத்தைக்குத்தான்.

மறுபடி வைத்ததும் படத்தோடு முடிவையும் எழுதுங்கள். கசப்பு போய்ப் புளி தூக்கலாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். புளியைப் பற்றி அத்தை அப்போதுதான் வாய் திறப்பார்.